தோலில் ஊசிக்குத்து, உள்ளே புழு!

கேள்வி: ‘‘கல்வராயன்மலை அடிவாரத்தில் ஒரு ஏக்கருக்குள் 40 லக்னோ-49 கொய்யா மரங்களும், வேலியோரம் 12 நீலம் மாமரங்களும் வைத்திருக்கிறேன். ஆனி மாதம் பறித்த மாம்பழத்தில் புழு இருந்ததால், வியாபாரி பாதியைக் கழித்துவிட்டார். இப்போது கொய்யாக் காய்களின் தோலிலும் ஊசி குத்தியது போலப் புள்ளிகள் தெரிகின்றன. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். எந்த மருந்து அடித்தால் காய்கள் தப்பும்?’’

- வாசகர் ஒருவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் இருப்பது ஒரே பூச்சியின் வேலைதான். அதன் பெயர் பழ ஈ. ஆனால், மூன்றும் வெவ்வேறு கட்டங்கள். அது புரிந்தால், என்ன செய்ய வேண்டும் என்பதும், மருந்து ஏன் கைகொடுக்காது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் படத்தில் இருப்பது முற்றத் தொடங்கிய பச்சைக் கொய்யா. அதில் குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்னக் குத்துகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஈரம் படிந்தது போலக் கரும்பச்சை வளையம். பெண் ஈ தன் வால்முனை ஊசியால் தோலைத் துளைத்து முட்டையிட்ட இடம் இது. மாங்காயாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டு பால் கசிந்து காய்ந்திருக்கும். இரண்டாவது படத்தில் பழம் மஞ்சளாகி, குத்து இருந்த இடம் பழுப்பாகக் குழிந்திருக்கிறது. அதாவது முட்டை பொரிந்து, புழுக்கள் சதையைத் தின்றுகொண்டிருக்கின்றன. மூன்றாவது படம், கீழே விழுந்த மாம்பழம். அதில் உள்ள வட்டமான ஓட்டையைப் புழு உள்ளே போன வழி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, வளர்ந்த புழு வெளியேறிய வழி. அந்தப் புழு இப்போது உங்கள் மண்ணுக்குள் இருக்கிறது.

தோலில் புள்ளி இருந்தாலே பழ ஈ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொய்யாப் பிஞ்சில் தேயிலைக் கொசு சாறு உறிஞ்சினால், புள்ளிகள் காய்ந்து, தடித்து, சொறி போலச் சொரசொரப்பாக இருக்கும். சதையில் புழு இருக்காது. காய்ப்புழு துளைத்திருந்தால், ஓட்டை பெரியதாக இருக்கும். வாயில் எச்சம் ஒட்டியிருக்கும். கரும்புள்ளி நோயில் துளையே இருக்காது. புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பரவும்.

சந்தேகம் இருந்தால், குத்து இருக்கும் இடத்தின் தோலை பிளேடால் மெல்லியதாகச் சீவிப் பாருங்கள். அடியில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை முட்டைகள் கொத்தாக இருந்தால் பழ ஈதான். எல்லாக் குத்திலும் முட்டை பிழைக்காது. காய் கெட்டியாக இருக்கும்போது, குறிப்பாகப் பால் அதிகமுள்ள மாங்காயில், பல முட்டைகள் வீணாகிவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு வாளியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, மேலே பழத்தை வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மணலைச் சலித்தால், கோதுமை மணி போலப் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள் கிடைக்கும். பழ ஈயின் முற்றிய புழுவுக்கு ஓர் அடையாளம் உண்டு. தரையில் விட்டால், உடலை வளைத்துத் துள்ளிக் குதிக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குத்துப்பட்ட காயை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. முட்டையும் புழுவும் தோலுக்கு உள்ளே இருக்கின்றன. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது. நீங்கள் காய்மேல் அடிக்கும் மருந்து இவற்றில் எதையும் தொடாது. பறிக்கப்போகும் பழத்தில் நஞ்சு ஏறுவதுதான் மிச்சம். பழ ஈ மாட்டுவது இரண்டே இடங்களில்தான். ஒன்று மண்; இன்னொன்று, அது ஈயாகப் பறக்கும் நாட்கள்.

வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். உங்கள் நீலம் மாம்பழத்திலிருந்து இறங்கிய புழுக்கள்தான், ஈயாகி எழுந்து கொய்யாவுக்கு வந்திருக்கின்றன. எனவே, முதல் வேலை கீழே விழுந்த பழங்களைப் பொறுக்குவது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, மா, கொய்யா இரண்டின் அடியிலும் விழுந்ததை எல்லாம் எடுங்கள். மரத்தில் மென்மையாகிவிட்ட பழங்களையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள். இவற்றைக் குப்பைக்குழியில் போட்டால் புழு மண்ணில் இறங்கி ஈயாகிவிடும். தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, ஒரு வாரம் வெயிலில் வைத்தால் போதும். இல்லையென்றால் இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். மர நிழல் விழும் இடத்தில் மேல்மண்ணைக் களைக்கொத்தால் கிளறிவிட்டால், கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும். வீட்டுக் கோழிகளை அங்கே மேயவிட்டால், மிச்சத்தை அவை பொறுக்கிவிடும்.

இரண்டாவது, பொறி. மெத்தில் யூஜினால் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 10 வீதம், ஐந்தடி உயரத்தில், நிழலில் கட்டுங்கள். புடலை, பாகல் தோட்டத்துப் பொறி வேறு. அதில் வைக்கும் மருந்து மா, கொய்யா ஈயை இழுக்காது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். துளசியிலும் மெத்தில் யூஜினால் இருப்பதால், கசக்கிய துளசி இலையைக் கொட்டாங்குச்சியில் வைத்தாலும் ஈ வரும். ஆனால், சில நாளில் மணம் போய்விடும்.

பொறியில் ஒரு குறை உண்டு. அதில் விழுவது ஆண் ஈக்கள் மட்டுமே. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ தொடர்ந்து குத்திக்கொண்டிருக்கும். அதனால்தான் ‘பொறி நிறைய ஈ விழுகிறது, ஆனாலும் புழு குறையவில்லை’ என்று பலர் சொல்கிறார்கள். காய் முற்றும் நேரத்தில் பொறி வைத்தால் அப்படித்தான் ஆகும். அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே வைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து வைத்தால்தான் முழுப் பலன்.

பெண் ஈக்கு முட்டை முதிர தீனி தேவை. அதனால் இனிப்பைத் தேடி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் வெல்லமும், உங்கள் பயிருக்கு இப்போது அனுமதி உள்ள பூச்சிக்கொல்லியை அதன் சிட்டையில் உள்ள அளவிலும் கலந்து, பெரிய துளிகளாக அடிமரத்திலும் கீழ் இலைகளிலும் மட்டும் தெளியுங்கள். காய்மேல் படக் கூடாது. பழுக்கத் தொடங்கும் முன், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை போதும். பறித்துக்கொண்டிருக்கும் மரத்தில் தெளிக்க வேண்டாம்.

இந்தப் பருவத்தில் உங்களுக்கு உடனே பலன் தருவது உறை போடுவதுதான். எலுமிச்சை அளவில், குத்து இல்லாமல் இருக்கும் காய்களைத் தேர்ந்தெடுத்து, துணி போன்ற வெள்ளை உறையால் மூடி, காம்பில் கட்டுங்கள். குத்துப்பட்ட காயை மூடினால், புழுவுக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

உங்கள் வியாபாரி பாதியைக் கழித்தது கொஞ்சம் கடுமைதான். ஆனால், சந்தையில் இந்தப் புழுவுக்கு மன்னிப்பு கிடையாது. இந்தியாவிலிருந்து போன சரக்கில் பழ ஈ இருந்ததால்தான், 2014-ம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டது. 2015-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

அடுத்த ஆண்டு, சித்திரை பிறந்ததும் மாமரங்களில் பொறியைக் கட்டிவிடுங்கள். நீலத்தை மரத்திலேயே பழுக்க விடாமல், முற்றியதும் பறியுங்கள். மாவில் பழ ஈயைக் குறைத்துவிட்டால், கொய்யாவுக்கு வரும் ஈ தானாகக் குறையும்.

படம் அனுப்பும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் பழம் ஒன்று, குத்து இருக்கும் இடத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று, அதே இடத்தை வெட்டி ஒன்று என மூன்று படங்கள் அனுப்புங்கள். வெட்டிய படம் இல்லாமல், புழுவா சொறியா என்று உறுதியாகச் சொல்வது கடினம்.