பெயர் மாறிய பக்கத்தைத் தேடி வருபவருக்கு

யாழ்ப்பாணத்து வரலாற்றைப் பற்றி இன்று எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் நூலகம் திட்டத்தின் இணைய முகவரிகளைக் காணலாம். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி எண் உண்டு. தலைப்பில் எழுத்துப்பிழை திருத்தப்படலாம், ஆசிரியர் பெயர் வேறு விதமாக எழுதப்படலாம். எண் அப்படியே இருக்கும். நம் ஊர்த் தளங்களுள் பல தவறவிட்ட பாடம் இது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய ஒப்பந்தக்காரர் வந்து தளத்தைப் புதுப்பிப்பார். பழைய முகவரிகள் எல்லாம் ஒரே இரவில் செத்துப்போகும். அச்சில் ஏறிவிட்ட அடிக்குறிப்பை யாரால் திருத்த முடியும்?

நூலகம் தளம் இயங்கும் மீடியாவிக்கியில், பக்கத்தை நகர்த்தினால் பழைய பெயரில் ஒரு வழிமாற்று தானாகவே நின்றுவிடும். 1841இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பத்திரிகைக்கு 'உதய தாரகை' என்று இடைவெளி விட்டு ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 'உதயதாரகை' என்று சேர்த்து எழுதினால், பழைய பக்கத்தில் இந்த ஒரு வரி மிஞ்சும்:

```
#வழிமாற்று [[உதயதாரகை]]
```

பழைய முகவரியோடு வருபவர் எதையும் உணராமலே புதிய பக்கத்தில் இறங்குவார். சிக்கல் இரண்டாவது திருத்தத்தில்தான் தொடங்கும். பிறகு ஒருவர் அதை 'உதயதாரகை (1841)' என்று மாற்றினால், முதல் பெயர் இரண்டாவதைக் காட்டும், இரண்டாவது மூன்றாவதைக் காட்டும். மீடியாவிக்கி இயல்பாக ஒரு தாவலுக்கு மேல் போகாது. வாசகர் நடுவழியில், வெறும் அம்புக்குறியும் ஓர் இணைப்பும் உள்ள பக்கத்தில் நின்றுபோவார். இரட்டை வழிமாற்றுகளுக்கெனச் சிறப்புப் பக்கம் ஒன்று இருக்கிறது. பெயர் மாற்றியவரே அதைத் திறந்து, முதல் பெயரை நேரே மூன்றாவதுக்குத் திருப்பிவிட வேண்டும்.

விக்கி அல்லாத தளங்களில் இந்த வேலையைக் கையால் செய்ய வேண்டும். அப்பாச்சி வழங்கியானால் `.htaccess` கோப்பில் இரண்டு வரி போதும்:

```
Redirect 301 /உதய-தாரகை.html /uthayatharakai.html
ErrorDocument 404 /illai.html
```

301 என்பது நிரந்தரமாக இடம்மாறியதைச் சொல்லும் எண். 302 போட்டால் அது தற்காலிகம். தேடுபொறி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். தமிழ் முகவரியில் இன்னொரு பொறி உண்டு. உலாவியிலிருந்து நகலெடுத்தால் 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லே `%E0%AE%AF` என்று தொடங்கி 99 குறிகளாக நீளும். அதை அப்படியே முதல் வரியில் ஒட்டினால் திருப்பம் வேலை செய்யாது, ஏனென்றால் அப்பாச்சி அந்தக் குறிகளை அவிழ்த்த பிறகே ஒப்பிடுகிறது. தமிழ் எழுத்திலேயே எழுதி, கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்க வேண்டும்.

இரண்டாவது வரியில் `/illai.html` என்பதற்குப் பதிலாக `https://` எனத் தொடங்கும் முழு முகவரியைக் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது வழங்கி 404 என்று சொல்லாமல் வாசகரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும். 'இல்லை' என்ற செய்தி தேடுபொறிக்குப் போகாது. `curl -I` கட்டளையோடு முகவரியைக் கொடுத்தால் முதல் வரியிலேயே எண் தெரிந்துவிடும். காணாத பக்கங்களையெல்லாம் முகப்புக்கு அனுப்புவதும் இதே கோளாறுதான். 1985ஆம் ஆண்டு இதழைத் தேடி வந்தவரிடம் இன்றைய செய்தியைக் காட்டினால், தான்தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

பிழைப் பக்கத்துக்குப் படமும் வேடிக்கையும் தேவையில்லை. தேடிய முகவரி, ஒரு தேடற்பெட்டி, ஆண்டுவாரி இதழ்ப் பட்டியலுக்கு ஓர் இணைப்பு, தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். மீடியாவிக்கியில் `MediaWiki:Noarticletext` என்ற பக்கத்தைத் திருத்தினாலே இவையெல்லாம் வந்துவிடும். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு இது பொருந்தாது. எழுத்தாளரோ வாரிசோ கேட்டுக்கொண்டதால் எடுக்கப்பட்ட நூலென்றால் 410 என்ற எண்ணோடு, எப்போது, ஏன் எடுக்கப்பட்டது என்று இரண்டு வரி அங்கே இருக்க வேண்டும். நூல் விவரத்தை அழிக்கக் கூடாது என்பது என் கட்சி. நூல் இல்லாவிட்டாலும், அது இருந்தது என்ற தகவல் ஆய்வாளருக்கு வேண்டும்.

எதற்கு வழிமாற்று தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வழங்கியின் பதிவேட்டில் 404 விழுந்த முகவரிகளை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். அங்கே கண்ணுக்கே தெரியாத ஒரு வேறுபாடும் வந்து விழும். ஶ என்ற எழுத்து 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முன் 'ஸ்ரீ' என்பதை ஸ கொண்டே தட்டினார்கள்; இப்போது சில விசைப்பலகைகள் ஶ கொண்டு தட்டுகின்றன. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், வழங்கிக்கோ இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஸ்ரீ உள்ள தலைப்பு ஒவ்வொன்றுக்கும் மற்ற வடிவிலிருந்து ஒரு வழிமாற்றைத் தொடக்கத்திலேயே போட்டுவிடலாம்.