நூலுக்கு ஐம்பது ரூபாய் போடச் சொன்னவர்களுக்கு



என் பள்ளிக்கூட நினைவுகள் நூலை கிண்டிலில் போடப்போகிறேன் என்று சொன்னதும் ஆளுக்கொரு யோசனை. "காகிதமா, மையா? ஐம்பது ரூபாய் போடுங்க சார், அள்ளிக்கிட்டுப் போவாங்க" என்கிறான் ஒருவன். மருமகன், "அமேசான் எழுபது சதவீதம் தருது மாமா, அப்புறம் என்ன?" என்கிறார்.

நம்ம பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டியை இறக்குகிறவர் சதவீதம் கேட்பதில்லை. கமிஷன், வண்டி வாடகை போக கையில் எவ்வளவு என்றுதான் கேட்பார். நானும் அதையே கேட்கிறேன்.

எழுபது சதவீதம் முழு விலைக்கு அல்ல. கோப்பின் ஒவ்வொரு எம்பிக்கும் ஏழு ரூபாய் அனுப்புகூலி கழித்து, மீதியில்தான் எழுபது. வரியை இப்போதைக்கு விடுங்கள். என் நூல் 2 எம்பி, விலை ₹100 என்றால் 14 போக 86. அதில் எனக்கு ₹60.20. ஐம்பது ரூபாய் என்றால், அதே எழுபது கிடைப்பதாகவே வைத்தாலும், ₹25.20. நூறு பேர் வாங்குவதற்குப் பதில் 239 பேர் வாங்கினால்தான் அதே காசு வரும். அந்த 139 பேரைக் கூட்டி வருவது யார், விலையா?

பழைய போட்டோக்களையும் சேர்க்கச் சொல்கிறீர்கள். கோப்பு 9 எம்பி ஆனால் கூலி மட்டும் 63. எனக்கு வருவது ₹25.90. கூலி பிடிக்காத 35 சதவீதத் திட்டத்திலேயே ₹35 வரும்! கோப்பின் அளவு விலை போடும் பக்கத்திலேயே தெரியும்; அதைப் பார்க்காமல் "எழுபது" என்று குறி போடுவது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான்.

இன்னொன்று. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு எழுபது வேண்டுமென்றால் கேடிபி செலக்டில் சேரவேண்டும். 90 நாளைக்கு மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. ஆகவே வாட்ஸப் குழுவில் "பிடிஎஃப் போடுங்க சார்" என்று கேட்காதீர்கள், அது ஒப்பந்த மீறல்.

அச்சு நூல் ₹200. பத்து சதவீதம் ராயல்டி என்கிறார் பதிப்பாளர். அச்சிட்ட விலைக்கா, அவர் கைக்கு வருவதற்கா என்று கேட்டேன். பதிலே இல்லை. அச்சிட்ட விலைக்கென்றால் ₹20. கடைக்காரருக்கு நாற்பது சதவீதம் தள்ளிய பிறகென்றால் ₹12. பாதி விலை மின்னூல் எனக்கு மூன்று மடங்கு தருகிறது. அதையும் பாதியாக்கச் சொல்வது என்ன கணக்கு? எட்டாம் வகுப்பில் இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்!

விலை ₹100. போட்டோ அட்டைக்கு ஒன்று மட்டும். மற்றவற்றை வீட்டுக்கு வந்து பாருங்கள், காபி தருகிறேன்.