வெள்ளை நுரையும் அமைதியான நீரும்



பலகைமீது நின்று அலையோடு சறுக்கி வரும் அலைச்சறுக்கு விளையாட்டு நம் கடற்கரைக்கும் வந்துவிட்டது. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் அதைக் கற்றுத் தேர்ந்து, ஊர்ச் சிறுவர்களுக்கும் கற்பித்தார். 2013-ஆம் ஆண்டில் அங்கே போட்டியும் நடைபெற்றது. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து இளைஞர், "நம் வாசலிலும் அலை அடிக்கிறதே, இங்கேயே பழகினால் என்ன?" என்று கேட்பது இயல்பே. இதற்கு விடை காண, அலை எவ்வாறு உடைகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தொலைகடலில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் நூற்றுக்கணக்கான கல் தொலைவு கடந்து நம் கரையை நாடி வருகின்றன. ஆழ்கடலில் அவை மெல்லிய மேடுகளாகவே தோன்றும். கரையை நெருங்க நெருங்க, அடிநிலம் அலையின் வேகத்தைக் குறைக்கிறது. பின்வரும் நீர் நெருங்கி வருவதால் அலை உயர்ந்து செங்குத்தாகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது, உச்சி முன்னோக்கிச் சாய்ந்து உடைகிறது. அதாவது, மூன்றடி உயர அலை சுமார் நான்கடி ஆழத்தில் உடையும். ஆகவே வெள்ளை நுரை தோன்றும் இடம், அங்கே ஆழம் குறைவு என்பதை நமக்கு அறிவிக்கிறது.

அடிநிலம் சிறிது சிறிதாக மேடேறினால் நுரை மெதுவாக வழிந்தோடும். திடீரென மேடேறினால் அலை சுருண்டு, ஓங்கி அடிக்கும். கோவளத்தில் கடலுக்குள் நீளும் பாறைப் பார் ஆண்டு முழுவதும் அசையாது நிற்பதால், அலை ஏறக்குறைய ஒரே இடத்தில் உடையத் தொடங்கி, பாரையொட்டி ஒழுங்காக மடிந்து செல்கிறது. தேர்ந்தவர்க்கு அது விருந்து. விழத் தெரியாதவருக்கோ அடியில் கிடப்பது பாறை. ஆதலால் புதியவருக்கு ஏற்றது பாறையன்று, அருகிலுள்ள சரிவு குறைந்த மணற்கரையே.

முகத்துவாரத்தின் நிலை வேறு. அங்கே மணல் திட்டு நிலையானதன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே திரும்புகிறது. தூர் வாரினாலும் மறுபடி வந்து சேர்கிறது. நேற்று நான்கடி இருந்த இடம் அடுத்த மாதம் பத்தடி ஆகலாம்.

இதனினும் பெரிய ஆபத்து வற்றத்தின்போது நேருகிறது. கழியில் ஏறிய நீர் முழுவதும் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு விரைகிறது. திட்டின்மேல் அலை உடைந்து வெண்மையாகத் தெரியும். பக்கத்து வாய்க்காலில் ஆழம் மிகுதியாதலால் அலை உடையாது, நீர் அமைதியாகத் தெரியும். அனுபவமற்றவர் அந்த அமைதியையே பாதுகாப்பென்று கருதி இறங்குவர். அதுவோ கடலுக்குள் இழுத்துச் செல்லும் பாதை. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கற்களால் அமைத்த தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இத்தகைய இழுவை உண்டாகிறது. மேலும் எண்ணூர்க் கழியில் ஆலைக் கழிவும் சாம்பலும் கலக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெயும் கலந்தது.

ஆகவே நம் இளைஞருக்குச் சொல்ல வேண்டிய விடை இது: பழகும் இடம் முகத்துவாரமன்று.

வேறு எந்தக் கரைக்குச் சென்றாலும், இறங்குமுன் கால்மணி நேரமாவது கரையில் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, இடைவெளி விட்டு மீண்டும் வரும். சிறிய அலைகளை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. நுரைக்கிடையே நுரையற்ற சந்து தெரிகிறதா, அங்கே கலங்கிய நீர் வெளியே ஓடுகிறதா என நோக்குங்கள். ஐயமிருந்தால் ஒரு தேங்காய் மட்டையை எறியுங்கள். அது கரைக்குத் திரும்பாமல் கடலை நோக்கி நகருமானால் அவ்விடத்தை விட்டுவிடுங்கள். பாறையும் கற்குவியலும் ஆற்றுவாயும் இல்லாத, இடுப்பளவு நீரில் நுரை மெல்ல ஓடிவரும் மணற்கரையைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வலை இழுக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில், கடல் அமைதியாகத் தோன்றினாலும் இறங்காதீர்கள். தனியாகவும் செல்லாதீர்கள்.

இவ்வளவு கவனித்தும் ஒருவேளை இழுவையில் அகப்பட்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்திச் சோர்ந்துவிடாதீர்கள். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அந்தச் சோர்வே. பலகையை விடாமல் பற்றிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இழுவையின் அகலம் பெரும்பாலும் சிறிதே. அதைத் தாண்டி, வெள்ளை நுரை உடையும் இடத்தை அடைந்தால் அலையே உங்களைக் கரைப்பக்கம் தள்ளிவிடும்.

பெற்றோரே, பிள்ளைகள் கடலுக்குச் செல்லக் கேட்கும்போது, "எந்த இடம்? நீர் ஏறுகிறதா, வற்றுகிறதா?" என்னும் இரு கேள்விகளைக் கேளுங்கள். விடை தெரியாத நாளில் அவர்கள் கரையிலேயே நிற்கட்டும்.