கோரம் இல்லைன்னா அரை மணி நேரம்: சங்கக் கூட்ட அறிவிப்பின் கடைசி வரி என்ன செய்கிறது?

திண்டுக்கல்லில் அடுக்குமாடிக் குடியிருப்போ, தனி வீடுகள் கொண்ட நகரோ, சங்கம் இருக்கும் இடத்தில் வருடத்துக்கு ஒருமுறை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டப்படும். வாட்ஸ்அப் குழுவிலும் அதன் போட்டோ வரும். தேதி, நேரம், இடம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் இருக்கும். அடியில் இப்படி ஒரு வரி:

"குறைவெண் வரம்பு இல்லாவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, அதே நாளில், அதே இடத்தில் காலை 10.30 மணிக்கு மீண்டும் நடைபெறும். அக்கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு தேவையில்லை."

குறைவெண் வரம்பு என்பது பேச்சுவழக்கில் 'கோரம்'. கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் இருக்க வேண்டுமோ, அந்த எண்ணிக்கை. அதைக் கேட்கும் அதே தாளே, 'வராவிட்டாலும் பரவாயில்லை, அரை மணி நேரத்தில் ஆரம்பித்துவிடுவோம்' என்றும் சொல்கிறது. பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் இந்த வரிதான் பராமரிப்புக் கட்டணம் முதல் சங்கத்தின் விதிகள் வரை எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்தச் சட்டம்?

தமிழ்நாட்டில் 'கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்' என்றால் வீடு கட்டக் கடன் கொடுக்கும் சங்கம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். லிஃப்ட், தண்ணீர், காவலாளி சம்பளம் பார்க்கும் குடியிருப்போர் நலச் சங்கங்கள் பொதுவாகத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுபவை. பதிவின்போது கொடுத்த துணை விதிகள்தான் (பைலா) சங்கத்தின் அடிப்படை. கோரம் எத்தனை பேர், கோரம் சேராவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஆகவே முதல் கேள்வி: அந்த 10.30 மணி வரி துணை விதிகளில் இருக்கிறதா, இல்லை நோட்டீஸில் மட்டும் இருக்கிறதா? பல சங்கங்களில் பழைய நோட்டீஸைப் பார்த்து அடுத்த நோட்டீஸ் டைப் ஆகிறது. விதியில் இல்லாத சலுகையைச் செயலாளர் ஒரு நோட்டீஸ் மூலம் உருவாக்கிவிட முடியாது. துணை விதிகளில் இடமில்லாமல், கோரமும் சேராமல் எடுத்த முடிவை யாராவது எதிர்த்தால் சங்கம் பதில் சொல்லத் திணறும்.

21 நாள் என்றால் எத்தனை நாள்?

துணை விதிகளைத் திருத்துவது போன்ற பெரிய விஷயங்களுக்குச் 'சிறப்புத் தீர்மானம்' தேவை. அதற்கு 1975-ம் ஆண்டுச் சட்டம் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. 'இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம்' என்று குறிப்பிட்டு, 21 நாட்களுக்குக் குறையாமல் அறிவிப்பு தர வேண்டும். கூட்டத்துக்கு வந்திருக்கும் வாக்குரிமை உள்ளவர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். வாக்குரிமை உள்ள அத்தனை உறுப்பினர்களும் சம்மதித்தால் மட்டுமே 21 நாளைக் குறைக்கலாம்.

இந்த 21-ஐ எப்படி எண்ணுவது என்பதில்தான் சறுக்கல். மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான பழைய வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஆனாலும் '21 நாட்களுக்குக் குறையாமல்' என்ற சொல்லுக்கு அங்கே கிடைத்த விளக்கம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: அறிவிப்பு உறுப்பினருக்குக் கிடைத்த நாளும் சேராது, கூட்டம் நடக்கும் நாளும் சேராது. இடையில் 21 முழு நாட்கள் இருக்க வேண்டும்.

கூட்டம் ஜூன் 29 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 8 முதல் 28 வரை எண்ணினால் 21 நாட்கள். அப்படியானால் ஜூன் 7-க்குள் அறிவிப்பு எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். 29-லிருந்து 21-ஐக் கழித்து '8-ம் தேதி கொடுத்தால் போதும்' என்று நினைத்தால் ஒரு நாள் குறைகிறது. தபாலில் அனுப்பினால் அது போய்ச்சேரும் நாட்களையும் கூட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் போதுமா என்பதற்கும் துணை விதிகளில்தான் பதில். 'பதிவுத் தபால் அல்லது நேரில்' என்று அங்கே எழுதியிருந்தால் நீல டிக் உதவாது.

60 வீடுகள், 7 கைகள்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். திண்டுக்கல்லில் 60 வீடுகள் கொண்ட குடியிருப்பு. வீட்டுக்கு ஓர் உறுப்பினர். துணை விதிப்படி கோரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 பேர். உரிமையாளர்களில் பலர் சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறார்கள். வீட்டில் வாடகைக்கு வேறு ஆட்கள்.

காலை 10 மணிக்கு 6 பேர் வருகிறார்கள். "கோரம் வரலை சார், அரை மணி நேரம் பார்த்துட்டு ஆரம்பிச்சிடலாம்" என்கிறார் செயலாளர். 10.30-க்கு 9 பேர். இப்போது கோரம் தேவையில்லை. வரவு செலவுக் கணக்கு நிறைவேறுகிறது; அடுத்து துணை விதித் திருத்தம். 9 பேரில் நான்கில் மூன்று பங்கு என்றால் 6.75. ஆக, 7 பேர் கை தூக்கினால் போதும். 60 வீடுகளுக்கான விதி மாறிவிடுகிறது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. 21 நாள் அறிவிப்பு சரியாகப் போயிருந்து, தீர்மானத்தின் விவரம் அதில் இருந்து, ஒத்திவைப்பு விதியும் துணை விதிகளில் இருந்தால், அந்த 7 பேரின் முடிவு நிற்கும். நான்கில் மூன்று பங்கு என்பது வந்தவர்களில்தான், மொத்த உறுப்பினர்களில் இல்லை. மாவட்டப் பதிவாளரிடம் அந்தத் திருத்தத்தைப் பதிவு செய்வது மட்டும் பாக்கி.

எது முடியாது?

ஒத்திவைத்த கூட்டம் புதிய கூட்டமல்ல, 10 மணிக் கூட்டத்தின் தொடர்ச்சி. அதனால் 10 மணிக்கு என்ன நிகழ்ச்சி நிரலோ, 10.30-க்கும் அதேதான். 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் கட்டண உயர்வையோ, மொட்டை மாடியை செல்போன் டவருக்கு வாடகைக்கு விடுவதையோ நுழைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அறிவிப்பில் அது இருந்திருந்தால் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று எந்த உறுப்பினரும் கேட்கலாம்.

இன்னொன்று, 10 மணிக் கூட்டம் உண்மையிலேயே கூடியிருக்க வேண்டும். எல்லோருமே 10.30-க்கு வந்து உட்கார்ந்து நேராக ஆரம்பித்தால், எது ஒத்திவைக்கப்பட்டது? நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 10 மணிக்கு எத்தனை பேர், ஒத்திவைப்பதாக யார் அறிவித்தார், மறுபடி எத்தனை மணிக்கு எத்தனை பேருடன் தொடங்கியது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் 9 கையெழுத்து இருந்த இடத்தில் அடுத்த வாரம் 24 இருந்தால், வீடு வீடாகப் போய் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மற்ற இடங்களில் எப்படி?

அரை மணி நேரக் காத்திருப்பு நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. கம்பெனிகள் சட்டம், 2013-ன் 103-வது பிரிவும் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. ஆனால் அதன்பின், அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்குக் கூட்டம் போகிறது. அப்போதும் அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால்தான் வந்தவர்களே கோரம். உறுப்பினர்கள் கோரிக்கை வைத்துக் கூட்டிய கூட்டமாக இருந்தால் ஒத்திவைப்பே கிடையாது, அது ரத்து.

மும்பைத் தமிழர்கள் பலருக்குப் பழக்கமான மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளில், ஆண்டுக் கூட்டத்துக்கு 14 முழு நாள் அறிவிப்பு. கோரம் மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், இதில் எது குறைவோ அது. சேராவிட்டால் அதே நாளிலேயே பிந்திய நேரத்துக்கு ஒத்திவைக்கலாம். அல்லது 7 முதல் 30 நாட்களுக்குள் வேறு தேதி வைக்கலாம். ஆனால் கட்டடத்தை இடித்துக் கட்டும் விஷயத்தில் மட்டும் அந்த மாநில அரசு இந்தக் கதவை மூடிவிட்டது. 2019-ல் வந்த உத்தரவுப்படி அந்தக் கூட்டத்துக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வந்தே ஆக வேண்டும். ஒத்திவைத்த கூட்டத்துக்கும் அதே அளவு வேண்டும்.

தமிழ்நாட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தைக் கேட்கிறது. வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்ல, உரிமையாளர்களில்.

என்ன செய்யலாம்?

அரை மணி நேர விதியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாவிட்டால் வராதவர்கள் சங்கத்தையே முடக்கிவிடலாம். கணக்கு நிறைவேறாது, நிர்வாகிகள் தேர்தல் நடக்காது, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் அப்படியே கிடக்கும். வழக்கமான வேலைகளுக்கு அந்த விதி தேவைதான்.

ஆனால் சென்னையில் இருக்கும் உரிமையாளருக்கு அதே நாள் 10.30 மணி ஒரு வாய்ப்பே அல்ல. 10 மணிக்கு வர முடியாதவர் அரை மணி நேரத்தில் திண்டுக்கல் வந்து இறங்கிவிடப் போவதில்லை. ஒரு வாரம் தள்ளி வைத்தால் டிக்கெட் போடலாம். துணை விதிகளில் இடமிருந்தால் பதிலாள் அனுப்பலாம், குறைந்தபட்சம் பக்கத்து வீட்டுக்காரரிடம் போன் போட்டாவது விசாரிக்கலாம்.

ஆகவே சங்கங்கள் விஷயங்களை இரண்டாகப் பிரிப்பதே நியாயம். கணக்கு, தணிக்கையாளர் நியமனம், வழக்கமான செலவு போன்றவற்றுக்கு அதே நாள் அரை மணி நேர ஒத்திவைப்பு இருக்கட்டும். துணை விதித் திருத்தம், பெரிய தொகை வசூல், பொது இடத்தை வாடகைக்கு விடுவது போன்றவற்றுக்கு ஒத்திவைப்பு குறைந்தது 7 நாளாக இருக்கட்டும். அந்தக் கூட்டத்திலும் மொத்த உறுப்பினர்களில் ஒரு குறிப்பிட்ட பங்கினர் கட்டாயம் இருக்கட்டும்.

இதற்குத் துணை விதிகளில் இரண்டு வரி சேர்த்தால் போதும். அந்த இரண்டு வரியைச் சேர்க்கவும் சிறப்புத் தீர்மானம்தான் வேண்டும்: 21 முழு நாள் அறிவிப்பு, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு. அதாவது, இன்றைய விதிப்படி 60 வீடுகள் உள்ள குடியிருப்பில் இதைக் கொண்டுவரவும் 7 பேர் போதும்.