வீட்டுக்காரரின் கையெழுத்தும் ஆதாரில் உள்ள 'காலனி'யும்

நகரத்தில் வாடகை வீடு தேடும் தலித்துகளிடம் யாரும் நேரடியாகச் சாதி கேட்பதில்லை. "ஆதார் ஜெராக்ஸ் கொடுங்க" என்று கேட்டாலே போதும். அந்த அட்டையின் பின்பக்கத்தில் 'ஆதி திராவிடர் காலனி' என்றோ 'அருந்ததியர் தெரு' என்றோ அச்சாகியிருக்கும். சட்டமன்றத்தில் 2025 ஏப்ரலில் முதலமைச்சர், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். ஆனால் நம் பையில் இருக்கும் அட்டை தானாக மாறிவிடாது. அதை மாற்ற, இப்போது குடியிருக்கும் வீட்டின் முகவரிச் சான்று வேண்டும். அதற்கு வீட்டுக்காரரிடம் போனால், பழைய அட்டையை அவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர். அட்வான்ஸ் கொடுத்து, வாய்ப்பேச்சில் குடியேறினார். கேஸ் ஏஜென்சியில் மின் கட்டண ரசீதும் வீட்டுக்காரரின் ஆட்சேபணை இல்லாக் கடிதமும் கேட்டார்கள். "எழுதித் தரேன், ஆதார் கொண்டு வா" என்றார் வீட்டுக்காரர். ஜெராக்ஸைப் பார்த்த பிறகு, "நாங்க யாருக்கும் லெட்டர் தர்றதில்ல" என்றார். ஆனால் மாடியில் குடியிருப்பவருக்கு அதே வீட்டு முகவரியில் கேஸ் இணைப்பு இருந்தது. அதன்பின் அவர் தெருமுனைக் கடையில் கிலோ கணக்கில் கேஸ் நிரப்பி வாங்கினார். அப்படி நிரப்புவது சட்டவிரோதம், ஆபத்தும்கூட.

கடிதம் மறுப்பதெல்லாம் சாதியால்தான் என்று நான் சொல்லவில்லை. முகவரிச் சான்று கொடுத்தால் வீட்டுக்கு உரிமை கோருவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேஸ் இணைப்போ ஆதார் முகவரியோ யாருக்கும் சொத்துரிமை தராது என்பதை விளக்கினால் இந்தப் பயம் தீரும். வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடுமே என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் ஒரே மாதிரி மறுப்பார்கள். ஆதாரைப் பார்த்த பிறகு பேச்சு மாறினாலோ, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததை நமக்கு மட்டும் மறுத்தாலோதான் காரணம் வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. வழக்கமாக எல்லோருக்கும் செய்வதை ஒருவருக்கு மட்டும் மறுப்பதும் அதன் வரையறைக்குள் வருகிறது. ஆனால் வாய்மொழி மறுப்பை வைத்து அதை நிரூபிப்பது கடினம். வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

இதைவிட முக்கியம், அந்தக் கடிதத்துக்காகக் காத்து நிற்கும் நிலையே வராமல் பார்த்துக்கொள்வது. அட்வான்ஸ் கை மாறும் முன் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் கேளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இம்முகவரியை எரிவாயு இணைப்பு, ஆதார் உள்ளிட்டவற்றுக்கு வாடகைதாரர் பயன்படுத்த உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்லை." அப்போது அடையாளத்துக்கு ஆதார் கேட்டால் பான் கார்டு கொடுக்கலாம். அதில் முகவரி இருக்காது. மறைக்கப்பட்ட ஆதார் இங்கே உதவாது. அது எண்ணைத்தான் மறைக்கும், ஊரையும் தெருவையும் மறைக்காது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. ஆதார் ஆணையத்தின் நிலையான சான்றிதழ் படிவத்தில் உங்கள் பகுதி கவுன்சிலரோ, சட்டமன்ற உறுப்பினரோ, வட்டாட்சியரோ முகவரியைச் சான்றளிக்கலாம். புகைப்படத்தின் மீதும் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். சான்று மூன்று மாதமே செல்லும். ஆதாரில் புது முகவரி ஏறிவிட்டால் கேஸ் ஏஜென்சிக்கு அதுவே முகவரிச் சான்று. அதற்கு இடைப்பட்ட நாட்களில் 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை மட்டும் காட்டி ஏஜென்சியிலேயே வாங்கலாம். மானியம் கிடையாது. உஜ்வாலா 2.0 திட்டத்திலோ, புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பப் பெண்கள் சுய உறுதிமொழியையே முகவரிச் சான்றாகக் கொடுக்க இடமிருக்கிறது.

அந்தத் தம்பி கடைசியில் கவுன்சிலரிடம்தான் சான்று வாங்கினார். ஆனால் எல்லா வார்டிலும் நம் பேச்சைக் கேட்கும் கவுன்சிலர் இருப்பதில்லை. அரசிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. அரசு ஆவணங்களில் பெயர் மாற்றப்பட்ட காலனி, தெருக்களில் முகாம் போட்டு, அங்கே பிறந்து வெளியூரில் வாழ்பவர்களின் ஆதாரிலும் அந்தப் பெயரை மாற்றித் தர வேண்டும். ஒப்பந்தம் கையில் இருக்கும்போது வீட்டுக்காரரின் தனிக் கடிதம் கேட்கும் ஏஜென்சிகளின் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அரசு கொடுத்த அட்டையில் இருக்கும் சாதி முகவரியை மாற்ற, சாதி பார்க்கும் வீட்டுக்காரரிடம் நம் பிள்ளைகள் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?