‘ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா முடிஞ்சுதே?’

கையால அறிக்கை தயாரிக்கிற ஆளைக் கண்டால் எங்கட தலைமுறைக்கு ஒரு இளக்காரம். “இதைப் போய் கையால செய்யிறியளோ?” எண்டு உடனே கேட்கிறம். அந்தக் கேள்வியைக் கேட்க முதல் ஒரு கணக்குப் பார்த்திருக்க வேணும். பெரும்பாலும் நாங்கள் பார்ப்பதில்லை.

எங்களில் ஒருத்தி வேலை செய்த சிறிய அலுவலகத்தில், 12 கிராமச் சேமிப்புக் குழுக்களின் எக்செல் கோப்புகளை ஒவ்வொரு கிழமையும் ஒன்றாக்க வேண்டும். 90 நிமிடம் பிடிக்கும். வருடத்துக்கு 78 மணித்தியாலம். பெரிய தொகைதான். ஆனால் அதில் 30 நிமிடம் வராத கோப்பைத் தேடி ஃபோன் எடுக்கிறதிலயும் சரிபார்க்கிறதிலயும் போகும். அதை எந்த ஸ்கிரிப்டும் செய்யாது. ஆகவே உண்மையில் மிஞ்சுவது 52 மணித்தியாலம். எழுத 25. வருடத்தில் நான்கு தரம் படிவம் மாறும், ஒவ்வொரு தரமும் திருத்த 3, ஆக 12. முதல் வருட லாபம் வெறும் 15 மணித்தியாலம். இதே வேலை மாதம் ஒருமுறை என்றால் மிஞ்சுவது 12 மணித்தியாலம்தான், முதலே நட்டம்.

நேரக் கணக்கு இவ்வளவுதான். இதோடு நிற்பவர்களோடுதான் எங்கட சண்டை.

கையால் செய்தபோது அவள் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தாள். 45,000 கடன் 450,000 எண்டு வந்தால், “அந்தக் குழுவில ஆருக்கும் இவ்வளவு குடுக்க மாட்டினமே” எண்டு பிடித்துவிடுவாள். ஸ்கிரிப்ட் அதைப் பேசாமல் கூட்டிவிட்டது. மனிசர் விடுகிற பிழை ஒரு கிழமையோட போகும். ஸ்கிரிப்டின் பிழை, ஆரும் காணுமட்டும் ஒவ்வொரு கிழமையும் வரும்.

2020இல் இங்கிலாந்தில் நடந்ததும் இதுதான். கொரோனா முடிவுகளைத் தானாக ஒன்றாக்கிய முறை, பழைய எக்செல் வடிவத்தைப் பாவித்தது. அதில் ஒரு தாளில் 65,536 வரிதான் கொள்ளும். மிச்சம் வெட்டுப்பட்டது. 15,841 தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் பிந்தியது.

அதுக்காக எல்லாத்தையும் கையால செய் எண்டு நாங்கள் சொல்லேல்ல. கிழமை வேலை, மாறாத படிவம், பிழை வந்தால் திருத்தக்கூடிய அறிக்கை என்றால் எழுதுங்கள். ஆனால் 12 கோப்பும் வராவிட்டால் அது ஓடாமல் நிற்க வேண்டும். உள்ளே போன வரிகளும் வெளியே வந்த வரிகளும் எத்தனை என்று காட்ட வேண்டும். போன கிழமையை விடப் பல மடங்கான தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். முதல் நாலு கிழமை கைக்கணக்கும் பக்கத்தில் ஓட வேண்டும். இதுகளுக்கான நேரத்தையும் அந்த 25க்குள்ள போடுங்கோ.

போட்டபிறகு லாபம் மிஞ்சாட்டி, கையால செய்யிறவளைப் பார்த்துச் சிரிக்காதேங்கோ. அவள் செய்யிறது சரிபார்க்கிற வேலை.