உரிமையில்லாதவளிடம் கையெழுத்து எதற்கு?

'மகளுக்குச் சீர், மகனுக்கு நிலம். இதுதான் நம் மண்ணின் நீதி' என்று முழங்கியிருக்கிறார் பனமரத்துப்பட்டிப் பெரியவர் ஒருவர். மூன்று வாதங்களை அடுக்கி, சட்டத்தையும் துணைக்கு இழுத்திருக்கிறார். இழுத்த சட்டத்தை அவர் படித்திருந்தால் எழுதியே இருக்கமாட்டார்.

முதல் வாதம்: 'சீர் செய்து அனுப்பிவிட்டோம், கணக்குத் தீர்ந்தது.' திருமணத்தை வைத்து மகள்களைப் பிரித்த சட்டம் ஒன்று இங்கே இருந்தது உண்மைதான். 1989 மார்ச் 25-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை விலக்கிவிட்டு மற்ற மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு தந்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேலி கிடையாது. தாலி கட்டிய தேதியை அது கேட்பதே இல்லை. பதினாறு ஆண்டுகள் மட்டும் நின்ற வேலியை ஆதிகாலத்து அறமென்று காட்டுவது அறியாமையா, அறிந்தே செய்யும் மறைப்பா? மகன் கல்யாணத்துக்குக் கொட்டிய பணத்தை அவன் பங்கிலிருந்து எந்த வீட்டிலாவது கழித்ததுண்டா?

இரண்டாம் வாதம்: 'தகப்பன் 2005-க்கு முன்பே இறந்துவிட்டால் மகளுக்கு ஒன்றுமில்லை.' 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு அப்படிச் சொன்னது. பெரியவரின் சட்ட அறிவும் அந்த ஆண்டோடு நின்றுவிட்டது. 2020 ஆகஸ்ட் 11-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு வினீதா சர்மா வழக்கில் அதைத் தள்ளிவிட்டது. மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் வருவது இந்த உரிமை; 2005-இல் தகப்பன் உயிரோடிருக்க வேண்டியதில்லை.

கணக்குப் போட்டே பார்ப்போம். பாகம் பிரியாத பூர்வீக நிலம் எட்டு ஏக்கர். தகப்பன் 1998-இல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். தகப்பனுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர். தகப்பனின் இரண்டு ஏக்கர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அரை அரை ஏக்கராகப் பிரியும். ஆக, மகனுக்கு இரண்டரை, மகள் ஒவ்வொருத்திக்கும் இரண்டரை, தாய்க்கு அரை. '1996-லேயே வாய்ப்பேச்சில் பிரித்துவிட்டோம், கூர்ச்சீட்டு இருக்கிறது' என்று இப்போது நீட்டினால் போதாது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அதைச் சட்டம் கலைக்காது. வாய்ப்பேச்சை லேசில் நம்பவும் செய்யாது.

மூன்றாம் வாதம்: 'சுயசம்பாத்தியம் தகப்பன் இஷ்டம்.' ஆம், உயில் எழுதியிருந்தால். எழுதாமல் போனவரின் இஷ்டத்தை மகன் எப்படிக் கண்டுபிடித்தான்? உயில் இல்லையென்றால் மகன், மகள், மனைவி, இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சமபங்கு. 1956 முதலே இதுதான் சட்டம். அதற்கும் முந்தைய கதை அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற நம் தமிழ்நாட்டு வழக்கு. 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கியவர், ஒரே மகளை விட்டுவிட்டு 1949-இல் இறந்தார். சொத்து தம்பி மகனுக்கே என்று விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சொல்லின. 2022 ஜனவரி 20-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு வாரிசுரிமை 1956-க்கு முந்தைய பழைய இந்துச் சட்டத்திலேயே உண்டு. மகள் பிள்ளையில்லாமல் 1967-இல் இறந்ததால் அந்தச் சொத்து அவள் தகப்பனின் வாரிசுகளான தம்பி பிள்ளைகளுக்குத் திரும்பியது. அங்கேயும் ஒரு மகனுக்கும் நான்கு மகள்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு வீதம்தான். மரபு மரபு என்கிறாரே பெரியவர், எந்த மரபைச் சொல்கிறார்?

கடைசியில், 'நிலத்தைக் காப்பாற்றியவன் மகன்' என்று உருகுகிறார். நம்மூர் அரளித் தோட்டத்தில் விடியுமுன் பனியில் நின்று மொட்டுப் பறித்த கைகள் யாருடையவை? கல்யாணமாகும் வரை அந்தக் கூடையைச் சுமந்தவள் உழைக்கவில்லை என்றால், உழைப்பு என்ற சொல்லுக்கு இவர் என்ன பொருள் வைத்திருக்கிறார்?

இத்தனைக்கும் பின்னால் இருப்பது அறமல்ல, அச்சம். அதற்குச் சாட்சி சார்பதிவாளர் அலுவலகம். வாரிசுச் சான்றிதழில் மகள் பெயர் இருப்பதால் நிலம் வாங்க வருபவரின் வக்கீல் அவள் கையெழுத்தைக் கேட்கிறார். உடனே அண்ணன் அவள் வீட்டு வாசலில் நிற்கிறான்: 'சும்மா ஒரு கையெழுத்து, கண்ணு.' அந்தக் காகிதத்தின் தலைப்பு விடுதலைப் பத்திரம். தனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுப்பதாக அதில் அவள் எழுதித் தருகிறாள். இல்லாத பாத்தியதையை யாராவது விட்டுக்கொடுக்க முடியுமா? பெரியவர் தம் வாதத்தை உண்மையிலேயே நம்பினால், முதலில் தம் வீட்டுப் பெண்களிடம் கையெழுத்துக் கேட்காமல் ஒரு சென்ட் நிலத்தை விற்றுக் காட்டட்டும்.